நெருங்குதல் என்றால் என்ன? எல்லை, தொடர்ச்சி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

x-க்கு 0 போட்டால் 0/0 வருகிறது. பிறகு எப்படி விடை 1/6 என்கிறார்கள்?

கணக்கு இதுதான்:

lim(x→0) (√(x+9) − 3)/x

x = 0 என்று போட்டால் மேலே 3 − 3 = 0, கீழேயும் 0. அந்த இடத்தில் சார்புக்கு மதிப்பே கிடையாது. ஆனால் எல்லை கேட்பது x = 0-இல் என்ன மதிப்பு என்பதை அல்ல. x-ஐ 0-க்குப் பக்கத்தில் கொண்டுபோகப் போக, வரும் மதிப்புகள் எந்த எண்ணைச் சுற்றிக் கூடுகின்றன என்பதைத்தான் கேட்கிறது. நான்கு இடங்களில் போட்டுப் பாருங்கள்.

x = 0.1 → 0.16621
x = 0.01 → 0.16662
x = −0.01 → 0.16671
x = −0.1 → 0.16713

வலப்பக்கத்திலிருந்து வரும்போது மதிப்பு கொஞ்சம் கொஞ்சமாக ஏறுகிறது, இடப்பக்கத்திலிருந்து வரும்போது இறங்குகிறது. இரண்டுக்கும் நடுவில் சிக்கிக்கொள்ளும் எண் 0.16666…, அதாவது 1/6. வரைபடம் வரைந்தால் y அச்சில் 1/6 உயரத்தில் ஒரு புள்ளி மட்டும் விடுபட்டிருக்கும். சுற்றியுள்ள கோடு அந்தத் துளையின் இடத்தைத் துல்லியமாகக் காட்டிவிடும்.

ஆகவே 0/0 என்பது விடை இல்லை. “இப்படி நேராகப் போட்டுக் கண்டுபிடிக்க முடியாது, வேறு வழி பார்” என்ற அறிவிப்பு மட்டுமே. பாடநூல்கள் இதைத் தேறப்பெறாத வடிவம் என்கின்றன. விடைத்தாளில் 0/0 = 0 என்றோ 0/0 = 1 என்றோ எழுதினால் அந்த வரியிலேயே கணக்கு முடிந்துவிடும்.

முதலில் x பூச்சியம் இல்லை என்று சொல்லி அடிக்கிறோம், அடுத்த வரியில் பூச்சியம் போடுகிறோம். இது ஏமாற்று வேலை இல்லையா?

நியாயமான சந்தேகம். 1734-இல் ஜார்ஜ் பெர்க்லி என்ற பாதிரியார் நியூட்டனின் முறை மீது வைத்த குற்றச்சாட்டு கிட்டத்தட்ட இதேதான்: ஒரு சிறு அளவைப் பூச்சியமில்லை என்று வைத்து வகுத்துவிட்டு, பிறகு அதையே பூச்சியம் என்று தூக்கி எறிவது எப்படிச் சரியாகும்? முழுமையான பதில் கிடைக்க அடுத்த நூற்றாண்டில் கோஷி, வையர்ஸ்ட்ராஸ் ஆகியோரின் வேலை வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அந்தப் பதில் நம் கணக்கில் எங்கே ஒளிந்திருக்கிறது என்று பார்க்கலாம். மேலேயும் கீழேயும் √(x+9) + 3 ஆல் பெருக்குங்கள். தொகுதி (x + 9) − 9 = x ஆகிறது. பகுதி x(√(x+9) + 3). x-ஐ x-ஆல் அடித்தால் மிஞ்சுவது

1/(√(x+9) + 3)

பழைய சார்பும் இந்தப் புதிய சார்பும் x = 0 தவிர எல்லா இடத்திலும் ஒன்றே. x = 0-இல் பழையதற்கு மதிப்பு இல்லை, புதியதற்கு உண்டு. எல்லை அந்த ஒற்றைப் புள்ளியைப் பார்ப்பதே இல்லை என்பதால் இரண்டுக்கும் எல்லை ஒன்றாகத்தான் இருக்கும். இது முதல் படி. இங்கே x பூச்சியமாக இல்லை.

கடைசியில் 0 போடுவது தனிப் படி. அங்கே “x இப்போது பூச்சியமாகிவிட்டது” என்று நாம் சொல்லவில்லை. புதிய சார்பு x = 0-இல் தொடர்ச்சியானது; தொடர்ச்சியான இடத்தில் எல்லையும் மதிப்பும் ஒன்று; ஆகவே எல்லையைத் தேடுவதற்குப் பதில் மதிப்பை எடுத்துக்கொள்கிறோம்: 1/(3 + 3) = 1/6. ஏமாற்று வேலை போலத் தெரிவதற்குக் காரணம், இந்தத் தொடர்ச்சி என்ற சொல்லை யாரும் அந்த வரியில் எழுதாமல் விட்டுவிடுவதுதான்.

இதே காரணத்தால் தான் lim என்ற குறியை எந்த வரி வரை எழுத வேண்டும் என்பதும் தெளிவாகிறது. மதிப்பைப் போடும் வரி வரை ஒவ்வொரு வரியிலும் எழுத வேண்டும். போட்ட பிறகு எழுதக் கூடாது.

“நெருங்குகிறது” என்றால் சார்பு அந்த எண்ணைத் தொடவே கூடாதா?

இல்லை. தொடக் கூடாது என்ற கட்டுப்பாடு x-க்கு மட்டும்தான்: x, a-வை நெருங்கும், ஆனால் x ≠ a. f(x)-க்கு அப்படி எந்தத் தடையும் இல்லை. f(x) = 5 என்ற மாறிலிச் சார்பு எப்போதும் தன் எல்லையின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. x sin(1/x) என்ற சார்பு, x → 0 ஆகும்போது தன் எல்லையான 0-ஐ எண்ணற்ற முறை கடந்து மேலும் கீழும் போய்வருகிறது. ஆனால் அதன் ஆட்டம் |x|-ஐத் தாண்டாது என்பதால் எல்லை 0.

பேச்சுத் தமிழில் “கிட்டத்தட்ட வந்துவிட்டது” என்றால் இன்னும் வரவில்லை என்று பொருள். அந்தப் பழக்கம்தான் இங்கே குழப்புகிறது. எல்லை என்பது “கிட்டத்தட்ட 1/6” அல்ல, சரியாக 1/6.

கால்குலேட்டரில் சின்னச் சின்ன எண்ணாகப் போட்டுப் பார்த்தாலே போதுமே?

விடையை ஊகிக்கப் போதும், நிறுவப் போதாது. ஊகமும் இரண்டு வகையில் கவிழும்.

முதலாவது, நாம் தேர்ந்தெடுக்கும் எண்கள் நம்மை ஏமாற்றலாம். sin(π/x) என்ற சார்பை எடுத்து x = 0.1, 0.01, 0.001 என்று போடுங்கள். sin 10π, sin 100π, sin 1000π: எல்லாமே 0. எல்லை 0 என்று எழுதத் தோன்றும். இப்போது x = 2/5, 2/101, 2/1001 என்று போடுங்கள். இவையும் 0-ஐத்தான் நெருங்குகின்றன; ஆனால் மதிப்பு ஒவ்வொரு முறையும் 1. இரண்டு வழியில் போனால் இரண்டு எண் வருகிறது என்றால் எல்லை இல்லை என்று பொருள். எந்த வழியில் நெருங்கினாலும் ஒரே எண்ணே வர வேண்டும். அட்டவணை காட்டுவது ஒரு வழியை மட்டும்.

இரண்டாவது, கருவியே கைவிடும். முதல் கேள்வியில் வந்த சார்பைப் பைத்தானில் ஓட்டிப் பாருங்கள்.

```python
from math import sqrt
for x in (1e-2, 1e-4, 1e-15, 1e-16):
    print(x, (sqrt(9 + x) - 3) / x)
```

முதல் இரண்டு வரிகளில் 0.16662, 0.166666 என்று ஒழுங்காக வரும். மூன்றாவதில் சுமார் 0.444. நான்காவதில் 0.0. கணிதத்தில் எதுவும் மாறவில்லை. கணினி ஓர் எண்ணுக்குச் சுமார் 16 இலக்கங்களைத்தான் வைத்துக்கொள்கிறது. 9-உடன் 10⁻¹⁶-ஐக் கூட்டினால் அந்தச் சிறு துண்டு விழுந்துபோய் 9 மட்டும் மிஞ்சுகிறது, தொகுதி பூச்சியமாகிவிடுகிறது. கிட்டத்தட்டச் சமமான இரு எண்களைக் கழிக்கும் இடத்திலெல்லாம் இது நடக்கும். அட்டவணையில் மதிப்பு நிலைபெற்ற பிறகு திடீரென்று துள்ளினால் பிழை சார்பில் இல்லை, கருவியில் என்று அறியலாம். அதே கணக்கை 1/(√(x+9) + 3) என்று மாற்றி எழுதி ஓட்டினால் கழித்தலே இல்லை, 10⁻¹⁶-க்கும் 0.1666… ஒழுங்காக வரும்.

sin x / x-க்கு எல்லை 1 என்கிறார்கள். எனக்கு 0.01745 வருகிறதே?

கால்குலேட்டர் டிகிரியில் இருக்கிறது. 0.01745… என்பது π/180. x ரேடியனில் இருந்தால் மட்டுமே எல்லை 1; x = 0.1 போட்டால் 0.99833 வர வேண்டும். முதலாண்டு நுண்கணிதம் முழுக்க ரேடியன்தான், மாற்றிவிட்டுத் திரும்பவும் டிகிரிக்குக் கொண்டுபோகாதீர்கள்.

இடப்பக்க எல்லை, வலப்பக்க எல்லை இரண்டையும் எப்போது தனித்தனியாகப் பார்க்க வேண்டும்?

a-க்கு இடப்புறம் ஒரு விதி, வலப்புறம் வேறு விதி என்று சார்பு மாறும் இடங்களில் முக்கியமாக. துண்டு துண்டாக வரையறுத்த சார்புகள், மட்டுக்குறி, மீப்பெரு முழு எண் சார்பு ஆகியவை வழக்கமான மூன்று. ⌊x⌋-ஐ x = 3-இல் பாருங்கள்: 2.9, 2.99, 2.999 என்று வந்தால் மதிப்பு 2, 3.1, 3.01 என்று வந்தால் 3. இரு பக்கமும் ஒத்துப்போகாததால் எல்லை இல்லை. ஆனால் x = 3.5-இல் இந்தத் தொந்தரவே இல்லை, இரு பக்கமும் 3.

சாதாரண பல்லுறுப்புக்கோவைக்கு இரு பக்கமும் தனியாக எழுதிக்கொண்டிருப்பது வீண் வேலை.

எல்லை ∞ என்று வந்தால் எல்லை இருக்கிறது என்று சொல்லலாமா?

ஓர் எண்ணாக இல்லை. 1/x² என்பது x → 0 ஆகும்போது எவ்வளவு பெரிய எண்ணைச் சொன்னாலும் அதைத் தாண்டுகிறது. அதைச் சுருக்கமாக ∞ என்று எழுதுகிறோம். 1/x-க்கு அதைக்கூட எழுத முடியாது, ஏனென்றால் ஒரு பக்கம் +∞, மறு பக்கம் −∞.

எப்சிலான்–டெல்டா வரையறை வாசித்தால் தலை சுற்றுகிறது. அதில் உண்மையில் என்னதான் சொல்கிறார்கள்?

பட்டறையில் தகடு வெட்டுவதாக வைத்துக்கொள்ளுங்கள். பக்கம் 3 செ.மீ. உள்ள சதுரத் தகடு, பரப்பு 9 ச.செ.மீ. இருக்க வேண்டும். வாங்குபவர் “பரப்பில் 0.07 வரை கூடக்குறைய இருந்தால் பரவாயில்லை” என்கிறார். பக்கத்தை எவ்வளவு துல்லியமாக வெட்ட வேண்டும்?

வாங்குபவர் பரப்பில் அனுமதிக்கும் பிழை ε. நாம் பக்கத்தில் கடைப்பிடிக்கும் பிழை δ. வாங்குபவர் எந்த ε சொன்னாலும், அது எவ்வளவு சிறிதாக இருந்தாலும், அதற்கு ஒரு δ நம்மால் தர முடியும் என்றால் lim(x→3) x² = 9. அவ்வளவுதான் வரையறை. “நெருங்குகிறது” என்ற அசைவுச் சொல்லே அதில் இல்லை. எதுவும் நகர்வதில்லை, ஒரு பிழை வரம்புக்கு இன்னொரு பிழை வரம்பைப் பதிலாகத் தருகிறோம். பெர்க்லியின் கேள்வி அடங்கியது இந்த மாற்றத்தால்தான்.

இனி கணக்கு. நமக்கு வேண்டியது |x² − 9| < ε. இடப்பக்கத்தைப் பிரித்தால்

|x² − 9| = |x − 3| · |x + 3|

|x − 3| நம் கட்டுப்பாட்டில் இருக்கிறது, அதுதான் δ-வுக்குள் அடங்கப்போகிறது. தொந்தரவு |x + 3|. அது x-உடன் மாறிக்கொண்டே இருக்கும். அதற்கு ஓர் உச்சவரம்பு கட்ட வேண்டும். எப்படியும் 3-க்குப் பக்கத்தில்தான் நிற்கப்போகிறோம் என்பதால், 1-ஐ விட அதிகம் விலக மாட்டோம் என்று முதலிலேயே முடிவுசெய்கிறோம்: |x − 3| < 1. அப்படியானால் 2 < x < 4, எனவே |x + 3| < 7. இப்போது

|x² − 9| < 7 |x − 3|

இது ε-ஐ விடச் சிறியதாக இருக்க |x − 3| < ε/7 போதும். இரண்டு நிபந்தனையும் ஒன்றாக நிற்க வேண்டும் என்பதால் δ = min(1, ε/7).

வாங்குபவரின் 0.07-க்கு δ = 0.01. சரிபார்க்க: 3.01² = 9.0601, 2.99² = 8.9401. இரண்டும் 9-இலிருந்து 0.07-க்குள். உண்மையில் 0.0116 வரை கூட விலகலாம். ஆனால் மிகப் பெரிய δ-வை யாரும் கேட்கவில்லை. வேலை செய்யும் ஒரு δ போதும். அந்த 1-க்கும் தனி மகிமை இல்லை. 1/2 என்று எடுத்தால் 7-க்குப் பதில் 6.5 வரும், நிறுவல் அப்படியே நிற்கும்.

இதில் மாணவர்கள் அதிகம் சறுக்கும் இடம் δ = ε/|x + 3| என்று எழுதுவது. பார்க்க அழகாக இருக்கும்; ஆனால் வரிசை தவறு. முதலில் ε, அதைப் பார்த்து δ, அதன் பிறகுதான் x. வெட்டி முடித்த தகட்டின் அளவு தெரிந்த பிறகு துல்லியத்தை முடிவுசெய்வது போன்றது அது. δ-வுக்குள் ε இருக்கலாம், a இருக்கலாம். x இருக்கவே கூடாது.

எல்லை இருந்தால் தொடர்ச்சியும் இருக்கும்தானே?

இல்லை. எல்லை அந்தப் புள்ளியைப் பார்ப்பதில்லை, தொடர்ச்சி பார்க்கிறது. f(a) வரையறுக்கப்பட்டிருக்க வேண்டும், எல்லை இருக்க வேண்டும், இரண்டும் சமமாக இருக்க வேண்டும். தேர்வில் வழக்கமாக வரும் வடிவத்தில் இதைப் பார்க்கலாம்.

x < 2 எனில் f(x) = kx + 1
x = 2 எனில் f(x) = 5
x > 2 எனில் f(x) = x² + 1

x = 2-இல் தொடர்ச்சியாக இருக்க k என்ன? வலப்பக்க எல்லை 4 + 1 = 5. இடப்பக்க எல்லை 2k + 1. இரண்டும் சமமாக வேண்டுமானால் k = 2; எல்லை 5. f(2)-உம் 5. மூன்றும் பொருந்துகின்றன.

இப்போது நடு வரியை மட்டும் f(2) = 6 என்று மாற்றுங்கள். பலர் பழக்கத்தில் மறுபடியும் k = 2 என்று எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். k = 2 எல்லையைத் தருகிறது, அது 5; ஆனால் மதிப்பு 6. வேறு எந்த k போட்டாலும் எல்லையே இருக்காது. ஆகவே சரியான விடை “அப்படி ஒரு k இல்லை” என்பதே. இரு பக்க எல்லைகளைச் சமப்படுத்திய பின் f(a)-உடன் ஒப்பிடும் வரியை எழுதாமல் விடுவதுதான் இந்தக் கணக்கில் மதிப்பெண் போகும் இடம்.

f(2)-ஐ 5 என்று திருத்தினால் சரியாகிவிடும் இந்த வகை முறிவை நீக்கக்கூடிய தொடர்ச்சியின்மை என்பார்கள். ⌊x⌋-இல் 3-இல் வரும் தாவலை எந்த மதிப்பைப் போட்டும் சரிசெய்ய முடியாது.

பேனாவை எடுக்காமல் வரைய முடிந்தால் தொடர்ச்சி என்று பள்ளியில் சொன்னார்களே?

ஓர் இடைவெளி முழுக்க வரையறுக்கப்பட்ட சாதாரணச் சார்புகளுக்குக் கைகொடுக்கும். 1/x-இல் குழப்பும்: x = 0-இல் பேனாவைத் தூக்கித்தான் ஆக வேண்டும், ஆனால் 0 அந்தச் சார்பின் சார்பகத்திலேயே இல்லை. தன் சார்பகத்தில் உள்ள ஒவ்வொரு புள்ளியிலும் 1/x தொடர்ச்சியானதுதான். எனவே “தொடர்ச்சியானதா?” என்று யாராவது கேட்டால், எந்தக் கணத்தின் மேல் என்று திருப்பிக் கேட்க வேண்டும்.

தொடர்ச்சி இருக்கிறது என்று தெரிந்தால் அதை வைத்து என்ன செய்ய முடியும்?

எளிதில் தீர்க்க முடியாத சமன்பாட்டுக்குத் தீர்வு எங்கே இருக்கிறது என்று சொல்ல முடியும். x³ − x − 1 = 0. காரணிப்படுத்திப் பார்த்தால் விகிதமுறு மூலம் எதுவும் சிக்காது. f(1) = −1, f(2) = 5. ஒரு முனையில் குறை, மறுமுனையில் மிகை. நடுவில் முறிவு இல்லை. எனவே எங்கோ ஓரிடத்தில் 0-ஐக் கடந்தே ஆக வேண்டும். இது இடைமதிப்புத் தேற்றம். போல்சானோ 1817-இல் நிறுவியது.

இனி பாதி பாதியாக வெட்டலாம். f(1.5) = 0.875, மிகை, ஆகவே மூலம் 1-க்கும் 1.5-க்கும் இடையில். f(1.25) = −0.297, குறை, ஆகவே 1.25-க்கும் 1.5-க்கும் இடையில். f(1.375) = 0.225, ஆகவே 1.25-க்கும் 1.375-க்கும் இடையில். ஒவ்வொரு முறையும் இடைவெளி பாதியாகிறது. 10 முறை செய்தால் தொடக்கத்தில் இருந்ததில் 1/1024 பங்கு மட்டும் மிஞ்சும். இன்னும் சில முறை தொடர்ந்தால் மூலம் 1.3247 என்று தேறும்.

தொடர்ச்சியைச் சரிபார்க்காமல் இதையே 1/x-க்கு, −1-இலிருந்து 2 வரை ஓட்டிப் பாருங்கள். முனைகளில் −1-உம் 0.5-உம், குறி மாறுகிறது. முறை தயங்காமல் ஓடும். நடுப்புள்ளிகள் 0.5, −0.25, 0.125, −0.0625 என்று 0-ஐ நோக்கிச் சுருங்கும், மூலம் கிடைத்துவிட்டது போலவே இருக்கும். ஆனால் அந்தப் புள்ளிகளில் சார்பின் மதிப்பையும் பக்கத்தில் எழுதினால் 2, −4, 8, −16 என்று வரும். மூலத்தை நெருங்கினால் மதிப்பு 0-ஐ நோக்கிக் குறைய வேண்டும். இங்கே ஒவ்வொரு படியிலும் இரட்டிக்கிறது. முறை கண்டுபிடித்தது மூலத்தை அல்ல, முறிவை.